திரையிற் கண்ட திருக்கல்யாணம்: ஊரடங்குக் கால வழிபாடும் அதுபற்றிய ஆய்வுகளும்

கோயிலுக்குச் செல்வோரை ஏன் செல்கிறீர்கள் என்று வினவினால், ‘சாமி பார்க்க’ என்றே பெரும்பாலோர் விடை கூறுவர். சொற்பொழிவு கேட்க என்றோ, கூடியிருந்து ஓத என்றோ கூறுவோர் மிகச் சிலர். காண்பதும் காணப்படுவதுமே நம் வழிபாட்டின் உயிர்நிலை. இறைவனை நாம் காண்கிறோம். இறைவன் நம்மை நோக்குகிறான். இவ்விரு பார்வைகளும் கூடுமிடமே சந்நிதி. அமெரிக்க அறிஞர் டயானா எக் 1981ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘தரிசனம்’ என்னும் சிறு நூலில் இக்கருத்தையே விரித்துரைத்தார். சமயமும் ஊடகமும் பற்றிப் பயில்வோர் இன்றும் முதலிற் கற்கும் நூல்களுள் அதுவும் ஒன்று.

இப்பார்வை கண்ணாடித் திரை ஒன்றின் வழியே நிகழக்கூடுமா என்பது நெடுங்காலம் அறிஞர் சிலருக்குள் மட்டும் எழுந்த வினாவாக இருந்தது. 2020ஆம் ஆண்டில் அது வீடுதோறும் எழுந்தது. மலேசியாவில் அவ்வாண்டு மார்ச்சு 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் ஒரு வாரம் கழித்து, மார்ச்சு 25ஆம் நாள், நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. கோயில்களில் நாட்பூசை மட்டும் நடைபெற, அடியார்க்கு வாயில் அடைக்கப்பட்டது. சந்நிதியில் விளக்கு எரிந்தது, காண்பார் வீட்டிலிருந்தனர். இவ்விடைவெளியைக் கைபேசியும் தொலைக்காட்சியும் எவ்வளவு தூரம் நிரப்பின என்பதை, ஆய்வாளர் வகுத்த கருத்துகளைத் துணைக்கொண்டு, மதுரை மீனாட்சி திருக்கல்யாணம் என்னும் ஒரே நிகழ்ச்சியை வைத்து ஆராய்வது பயனுடையது.

ஆய்வாளர் வகுத்த பாகுபாடு

இணையமும் சமயமும் பற்றிய ஆய்வில் அடிப்படையான பாகுபாடு ஒன்றை 2000ஆம் ஆண்டில் வகுத்தவர் கனடிய அறிஞர் கிறிஸ்தொபர் ஹெலண்டு. சமய நிறுவனம் தன் செய்தியை இணையத்தின் வழியே அறிவிப்பது ஒரு வகை. பூசை நேரம், திருவிழா நாள், தலவரலாறு ஆகியவற்றைத் தருவது இதனுள் அடங்கும். இதனை ‘இணையத்திற் சமயம்’ எனலாம். மக்கள் இணையத்திலேயே வழிபாட்டை நிகழ்த்துவது மற்றொரு வகை. அதனை ‘இணையவழிச் சமயம்’ எனலாம். முன்னது அறிவிப்புப் பலகை போன்றது. பின்னது சந்நிதி போன்றது. ஆயினும் நடைமுறையில் இவ்விரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. இதனை உணர்ந்த ஹெலண்டே 2005ஆம் ஆண்டில் தம் பாகுபாட்டை மீண்டும் ஆராய்ந்து திருத்தினார்.

டெக்சாசு ஏ அண்டு எம் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹைடி கேம்பல் இத்துறையில் மிகுதியாக எழுதியவர். புதிய கருவி ஒன்று வந்ததும் சமயத்தார் அதனை அப்படியே ஏற்பதுமில்லை, முற்றும் தள்ளுவதுமில்லை என்பது 2010ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய நூலின் சாரம். தம் மரபு என்ன, தம் அடிப்படை நம்பிக்கை எது என்று பார்த்து, எதை ஏற்பது எதை விடுவது என்று தம்முள் பேசி முடிவு செய்கின்றனர் என்று அவர் காட்டினார். பெருந்தொற்றின் முதல் வாரங்களில், கிறித்தவத் தேவாலயங்கள் இணையத்துக்குச் சென்ற முறையைக் கண்டு அவர் மூன்று நிலைகளைக் குறித்தார். வழக்கமான வழிபாட்டை அப்படியே படம் பிடித்து அனுப்புவது முதல் நிலை; இது ‘இடமாற்றம்’. திரையின் இயல்புக்கேற்ப அமைப்பைச் சிறிது மாற்றிக்கொள்வது இரண்டாம் நிலை, இது ‘பெயர்ப்பு’. இக்காலத்து மக்களுக்கு உண்மையில் வேண்டுவது யாது என்று எண்ணி வழிபாட்டையே புதிதாக அமைப்பது மூன்றாம் நிலை, இது ‘உருமாற்றம்’.

இம்மூன்றும் தெளிவான அளவுகோல்கள். ஆயினும் தேவாலயத்தை மனத்திற்கொண்டு செய்யப்பட்டவை என்பதை மறத்தலாகாது. பல தேவாலயங்களில், சிறப்பாகப் புரோட்டஸ்டண்டு மரபினவற்றில், வழிபாட்டின் நடுவிடத்தைப் பெறுவது அருளுரை. சொல் கேட்கப்படுவது, ஒலிபெருக்கியும் வானொலியும் அதனை முன்னரே நெடுந்தூரம் கொண்டுசென்றுள்ளன. நம் கோயிலில் நடுவிடத்தைப் பெறுவது உருவம். அதற்குப் பொருள்கள் படைக்கப்படுகின்றன. அப்பொருள்களே திருநீறாகவும் தீர்த்தமாகவும் மீண்டு வருகின்றன. ஆகவே ஒரு மரபுக்கு எளிதான இடமாற்றம் மற்றொரு மரபுக்கு அத்துணை எளிதன்று. அளவுகோலை அப்படியே எடுத்து வைத்தால் அளவு பிழைபடும்.

திரைக்கு முன்னிருந்த திரைகள்

உருவத்தைக் கோயிலுக்கு வெளியே கொணர்தல் நமக்குப் புதிதன்று. மூலவர் அசையார், உற்சவரோ வீதிக்கு எழுந்தருள்வார். நோயாளரும் முதியோரும் அக்காலத்தில் கோயிலினுள் விடப்படாதோரும் வீதியில் நின்று கண்டது அவ்வுற்சவரையே. அச்சுப்பொறி வந்தபோது உருவம் மற்றொரு முறை வெளியே வந்தது. 1894ஆம் ஆண்டில் இரவிவர்மா நிறுவிய கல்லச்சுக்கூடத்திலிருந்து வெளிவந்த படங்கள் எளியோர் வீட்டிலும் பூசைக்குரியனவாயின. கிறிஸ்தொபர் பின்னி இவ்வச்சுப் படங்களை ஆராய்ந்து 2004ஆம் ஆண்டில் எழுதிய நூலில், அவை பார்ப்பதற்குரிய ஓவியங்களாக மட்டும் நில்லாமல், பொட்டும் மாலையும் பெறும் உருவங்களாயின என்று விளக்கினார். அடுத்து ஒலி வந்தது. எம். எஸ். சுப்புலட்சுமி பாடிய வேங்கடேச சுப்ரபாதம் 1963ஆம் ஆண்டில் இசைத்தட்டாக வெளிவந்தபின், திருமலையில் விடியலில் ஒலிப்பது பல ஆயிரம் வீடுகளின் விடியலிலும் ஒலித்தது.

பின்னர் வந்தது தொலைக்காட்சி. இராமானந்த சாகரின் இராமாயணத் தொடர் 1987, 1988ஆம் ஆண்டுகளில் தூர்தர்சனில் ஒளிபரப்பானபோது, சிலர் நீராடி வந்து அமர்ந்ததையும், தொலைக்காட்சிப் பெட்டிக்கு மாலையிட்டு ஊதுவத்தி ஏற்றியதையும் பிலிப் லட்கண்டார்ப் 1990ஆம் ஆண்டுக் கட்டுரையில் விரிவாகப் பதிவு செய்தார். அத்தொடரையே ஊரடங்கு தொடங்கி மூன்று நாள் கழித்து, 2020 மார்ச்சு 28இல், தூர்தர்சன் மீண்டும் ஒளிபரப்பத் தொடங்கியது. எனவே ஊரடங்கு புதிதாக ஒன்றைத் தோற்றுவித்தது என்பதைவிட, நூறாண்டுக்கு மேலாக நடந்துவந்த ஒன்றை விரைவுபடுத்தியது என்பதே பொருந்தும்.

2020 மே 4: மதுரை

மதுரைச் சித்திரைத் திருவிழா இருவேறு விழாக்களின் இணைப்பு. மீனாட்சி திருக்கல்யாணம் முன்பு மாசியில் நிகழ்ந்தது என்றும், திருமலை நாயக்கர் பதினேழாம் நூற்றாண்டில் அதனைச் சித்திரைக்கு மாற்றிக் கள்ளழகர் விழாவோடு சேர்த்தார் என்றும் கூறுவர். காலத்தின் தேவைக்கேற்ப விழா அமைப்பு மாறுவது மதுரைக்கு முன்னரே பழக்கமானது என்பதை இதனால் உணரலாம்.

2020ஆம் ஆண்டில் சித்திரைத் திருவிழா நிறுத்தப்பட்டது. தேரோட்டம் இல்லை, வீதியுலா இல்லை. திருக்கல்யாணத்தை மட்டும் விடலாகாது என்று முடிவு செய்து, மே 4ஆம் நாள் காலை 9 மணியளவில், சிவாச்சாரியார் சிலர் மட்டும் இருந்து கோயிலினுள்ளேயே நடத்தினர். அது இணையத்தில் நேரலையாக ஒளிபரப்பப்பட்டது. அந்நேரத்தில் மணமான பெண்கள் தத்தம் வீட்டிலிருந்தே மங்கலநாணை மாற்றிக்கொள்ளலாம் என்று முன்னரே அறிவிக்கப்பட்டிருந்தது.

இவ்வறிவிப்பே இந்நிகழ்ச்சியின் திறவுகோல். அம்மைக்கு மங்கலநாண் பூட்டப்படும் வேளையில் தம் மஞ்சட்கயிற்றைப் புதிதாக அணிந்துகொள்வது அந்நகரப் பெண்களின் நெடுநாளைய வழக்கம். கோயிலிலும் சுற்றியுள்ள வீதிகளிலும் பல்லாயிரவர் ஒரே வேளையில் இதனைச் செய்வர். இதனைச் செய்ய அர்ச்சகர் வேண்டியதில்லை, சந்நிதியும் வேண்டியதில்லை. வேண்டுவன ஒரு கயிறும், அவ்வேளை இது என்ற உறுதியுமே. அவ்வுறுதியைத் திரை தந்தது.

கேம்பலின் அளவுகோலை இங்கே வைத்துப் பார்ப்போம். சிவாச்சாரியார் செய்த சடங்கு மாறவில்லை. ஒளிப்படக் கருவி அதனைக் கண்டு அனுப்பியது. ஆகவே கோயிலின் பக்கத்திலிருந்து நோக்கினால் இது வெறும் இடமாற்றம். வீட்டின் பக்கத்திலிருந்து நோக்கினாலோ, காண்பவள் காண்பவளாக மட்டும் இல்லை. அதே வேளையில் தன் கையாற் செய்கிறாள். ஹெலண்டு கூறிய இரண்டாம் வகையை இது பெரிதும் நெருங்குகிறது. ஒரே ஒளிபரப்பு, அதன் இரு முனைகளிலும் இருவேறு தன்மையுடையதாகிறது. சமய ஒளிபரப்பை ஆராய்வோர் கோயிலின் திரைப்பக்கத்தை மட்டும் எண்ணிக் கணக்கிட்டால் பாதியையே காண்பர். காண்போர் எண்ணிக்கை சொல்லாத செய்தியை, காண்போர் கையில் இருந்த கயிறு சொல்கிறது.

வேளை பற்றிய ஐயம் ஒன்றும் எழும். நேரலை என்று சொல்லப்படுவது உண்மையில் சில நொடிகளேனும், சில வேளைகளில் அரை நிமிடமேனும் பிந்தியே வீட்டை அடைகிறது. படம் சுருக்கப்பட்டு, துண்டு துண்டாக அனுப்பப்பட்டு, மீண்டும் விரிக்கப்படுவதே காரணம். முகூர்த்தம் என்பது ஒரு நொடியாயின் இப்பிந்துதல் பெருங்குறையாகும். முகூர்த்தமோ பல நிமிடங்கள் நீளும் காலப்பகுதி. ஆகவே நாண் பூட்டும் காட்சி பிந்தி வந்தாலும் நல்வேளைக்குள்ளேயே அமைகிறது. ஆனால் பதிவு செய்யப்பட்ட படத்தை மாலையில் காண்போர்க்கு இவ்விளக்கம் பொருந்தாது. நேரலைக்கும் பதிவுக்கும் உள்ள வேறுபாடு தொழில் நுணுக்கம் மட்டுமன்று. இங்கே அது சடங்கின் தகுதியைப் பற்றியது. இணையத்தில் கண்ட நேரத்தில் தனித்து நிகழ்த்தும் சடங்குகளை, இந்துக் கோயில் ஒன்றையும் கிறித்தவ ஆலயம் ஒன்றையும் ஒப்பிட்டு ஸ்டீபன் ஜேக்கப்சு 2007ஆம் ஆண்டில் ஆராய்ந்துள்ளார். அங்கே பொத்தானை அழுத்தினால் மலர் விழும், உடனிருப்பார் எவருமில்லை. மதுரை நேரலை அத்தகையதன்று. மதுரையில் காலை 9 மணி. ஈப்போவில் முற்பகல் 11.30. கடிகாரம் வேறாயினும், கண்டோர் அனைவர்க்கும் வேளை ஒன்றே.

திரையால் ஏலாதவை

இனி இழப்பைக் கணக்கிட வேண்டும். திருமணம் என்றால் மொய்யும் விருந்தும் உண்டு. மீனாட்சி திருமணத்துக்கும் அவை உண்டு. வந்தவர் கொடுப்பர், உண்டு செல்வர். திரை இவற்றைத் தரவில்லை. திருமலை தேவஸ்தானம் இக்குறையை வேறு வகையில் தீர்க்க முயன்றது. 2020 ஆகஸ்டில் அது இணையவழிக் கல்யாணோற்சவத்தைத் தொடங்கியது. கட்டணம் செலுத்தியோர் வீட்டிலிருந்தே சங்கல்பத்திற் கலந்துகொள்ள, பிரசாதப் பொருள்கள் அஞ்சலில் அனுப்பப்பட்டன. திரையில் ஏறாத பொருளை அஞ்சற்காரர் சுமந்தார். எப்பகுதி திரைக்கு அடங்கவில்லை என்பதை இதனினும் தெளிவாகக் காட்ட இயலாது.

தூய்மை பற்றிய சிக்கலும் உண்டு. உண்ட கையாலும் படுக்கையிலும் கையாளும் கருவியிலே இறைவனைக் காண்பது தகுமா? இவ்வினாவை நிக்கோல் கரபனாகியோடிசு 2010ஆம் ஆண்டில் வைணவ அடியாரிடையே ஆராய்ந்தார். கருவியைத் தூய்மைப்படுத்தி, அதற்கென ஒழுங்குகள் வகுத்துக்கொண்டோரை அவர் கண்டார். சடங்கை விடாமல், சடங்குக்குள் கருவியை இழுத்துக்கொண்டனர் என்பதே அவ்வாய்வின் பயன்.

கள்ளழகர் விழாவிலோ இழப்பு இன்னும் பெரிது. தொ. பரமசிவன் ‘அழகர் கோயில்’ என்னும் நூலில், அழகரை எதிர்கொள்ளும் நாட்டுப்புற அடியாரை வகைப்படுத்திக் காட்டினார். திரியெடுத்து ஆடுவோர், சாட்டையடித்து ஆடுவோர், துருத்தியால் நீர் தெளிப்போர் முதலியோர் அவர்கள். இவர்கள் விழாவைக் காண வருபவரல்லர், இவர்களே விழா. 2020இல் அழகர் வைகையில் இறங்கவில்லை. மலைக்கோயிலிலேயே சடங்குகள் நடந்தன. அதனையும் படம் பிடித்துக் காட்ட இயலும். நீர் தெளிப்பவனைப் பார்வையாளனாக்கிய பின் எஞ்சுவது விழாவன்று, அதன் செய்தியே.

தைப்பூசம் கூறும் விடை

பேராக் மாநில மக்களுக்கு இதனை விளக்கக் காவடியே போதும். ஈப்போவில், சிம்பாங் பூலாய் முதலிய சுற்றுப்புறத்தாரும் தைப்பூசத்தன்று கூடுமிடம் குனோங் சீரோவிலுள்ள கல்லுமலைக் கோயில். புந்தோங் மாரியம்மன் கோயிலிலிருந்து பால்குடமும் காவடியும் அங்குச் செல்லும். 2020ஆம் ஆண்டுத் தைப்பூசம் பிப்ரவரி 8இல், ஆணைக்கு முன்னரே நிறைவேறியது. 2021ஆம் ஆண்டில், சனவரி 28இல் வந்த தைப்பூசமோ இரண்டாம் கட்டுப்பாட்டினுள் அகப்பட்டது. காவடிக்கும் கூட்டத்துக்கும் இசைவில்லை. கோலாலம்பூரில் வெள்ளிரதம் மட்டும், அடியார் சூழாமல், பத்துமலைக்குச் சென்றது. ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவு; வழக்கமாகப் பல மணி நேரம் நின்று நின்று அருச்சனை பெற்றுச் செல்லும் வழி. அம்முறை நில்லாமற் சென்றது. மக்கள் திரையிற் கண்டனர்.

இரதத்தைக் கண்டவர்க்குக் காட்சி கிடைத்தது. காவடி நேர்ந்தவர்க்கோ நேர்த்திக்கடன் அப்படியே நின்றது. நோன்பிருந்து, உடலால் சுமந்து, நடந்து கழிக்கவேண்டிய கடனைப் பார்த்துக் கழிக்க இயலாது. எனவே நம் வழிபாட்டில் இரு கூறுகள் உள்ளன என்று தெளியலாம். ஒன்று காட்சி; மற்றொன்று கடன். காட்சி திரையில் ஏறும், கடன் ஏறாது. மஞ்சட்கயிறு இரண்டுக்கும் இடைப்பட்டது. செய்வோர் உடலும் செய்பொருளும் வீட்டிலேயே இருந்தமையால் அது இயன்றது. ஒரு சடங்கு திரைவழி நடைபெறுமா என்று அறிய வேண்டின், அதற்கு வேண்டிய பொருளும் உடலும் எங்கே இருக்கின்றன என்று வினவுதலே நேரிய வழி.

இதற்கு மறுப்பாகப் பூசலார் வரலாற்றை எடுத்துக்காட்டுவோர் உளர். திருநின்றவூரில் வாழ்ந்த அவர், பொருளின்றி மனத்திலேயே கோயில் எழுப்பினார். காஞ்சியிற் கற்றளி எடுத்த காடவர்கோன் குடமுழுக்குக்குக் குறித்த நாளும், பூசலார் குறித்த நாளும் ஒன்றாயின. இறைவன் அரசன் கனவில் தோன்றி, நாளை மாற்றுமாறு பணித்து, பூசலார் கோயிலுக்கு எழுந்தருளினான் என்று பெரியபுராணம் கூறும். மனக்கோயிலே தகுமெனின் திரைக்கோயில் தகாதோ என்பது அவர்கள் வாதம். ஆயின் பூசலார் பிறர் கட்டிய கோயிலை எட்டியிருந்து பார்த்தவரல்லர். அடித்தளம் முதல் சிகரம் வரை, நெடுநாள், ஒவ்வொன்றாக நினைந்து தாமே கட்டியவர். அவ்வுழைப்பே அவர் காணிக்கை. எனவே அவ்வரலாறு திரைக்குத் துணை நிற்பதைவிட, செய்தலின் இன்றியமையாமைக்கே சான்றாகிறது.

யாருடைய கோயில்?

இணையத்தால் அதிகாரம் இடம் மாறுமா என்பது ஆய்வுலகின் மற்றொரு வினா. ஹைன்சு ஷைபிங்கர் இதில் முன்னோடி. பூரி செகந்நாதர் கோயிலில் இந்து அல்லாதார் நுழைதல் இயலாது. இணையத்திலோ யாவரும் அவ்வுருவத்தைக் காணலாம். இதனை 2009ஆம் ஆண்டிலும், கொல்கத்தாக் காளிகோயிலுக்கு வெளியார் இணையவழி பூசை ஏற்பாடு செய்யும் தொழிலை 2010ஆம் ஆண்டிலும் அவர் ஆராய்ந்தார். வாயிற்காவலைத் திரை தளர்த்துகிறது என்பதும், இடைநின்று பொருளீட்டுவோர் புதிதாகத் தோன்றக்கூடும் என்பதும் இவ்வகை ஆய்வுகள் எழுப்பிய சிந்தனைகள்.

மலேசியத் தோட்டப்புறக் கோயில்களுக்கு இது பொருளற்ற வினாவன்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் தாமான்களுக்கும் நகரங்களுக்கும் பெயர்ந்தபின், மாரியம்மனோ முனீஸ்வரரோ இருந்த இடத்திலேயே இருக்க, ஆண்டுத் திருவிழா ஒன்றே பழைய தோட்டத்தாரை ஒன்றுகூட்டும் நாளாயிற்று. பெருங்கோயிலுக்கு நல்ல கருவியும் ஒளிபரப்பும் உண்டு. சிறு கோயிலுக்கு யாரேனும் ஒருவர் கையிலுள்ள கைபேசியே உண்டு. வீட்டிலிருந்து காண்பவர்க்கு மதுரையும் பத்துமலையும் ஒரே தொலைவு. தம் பழைய தோட்டத்துக் கோயிலும் அதே தொலைவு. அழகும் தெளிவும் மிக்க காட்சியை நாடின், சிறு கோயில் பின்தள்ளப்படும். ஆனால் அங்கே உலை வைத்தவர், பந்தலிட்டவர், கரகமெடுத்தவர் ஆகியோரின் உறவு காட்சியின் தெளிவைப் பொறுத்ததன்று. கலங்கிய படத்திலும் அவர்கள் தேடுவது தம் அம்மனையும் தம் சுற்றத்தாரையுமே. இவ்வேறுபாட்டைப் பெருங்கோயில்களை மட்டும் பார்த்து எழுதப்படும் ஆய்வுகள் காட்டமாட்டா.

கோயில்கள் திறந்தபின் நிகழ்ந்தது இவ்வாய்வுக்கு இறுதிச் சான்று. 2022இல் சித்திரைத் திருவிழா மக்கள் வெள்ளத்தோடு மீண்டது. 2023 பிப்ரவரி 5ஆம் நாள் தைப்பூசத்துக்குப் பத்துமலை மீண்டும் நிறைந்தது. நேரலைகளும் நின்றுவிடவில்லை, செல்ல இயலாதவர்க்கு அவை இன்றும் கண்ணாக உள்ளன. திரை கோயிலை வென்றதுமில்லை, கோயில் திரையைத் துரத்தியதுமில்லை. காட்சியைத் திரை எடுத்துக்கொண்டது. நின்றுபோன கடனைக் கழிக்க மக்கள் படியேறினர்.